பேங்க் ஸ்டேட்மென்ட் இருமுறை ஏறிவிட்டதா? அறிகுறி பார்த்துக் கணக்கைச் சுத்தம் செய்யும் முறை

திருப்பூரில் ஒரு பவர் டேபிள் முதலாளி, தான் தைத்துக் கொடுக்கும் பார்ட்டியின் அலுவலகத்துக்கு போன் செய்து, "38-ஆம் பில்லில் 24,500 ரூபாய் மீதி நிற்கிறது, சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்" என்றார். மறுமுனையில் பேசிய கணக்கர் நல்ல மனிதர். "அந்தப் பில்லுக்கு நாங்கள் இன்னும் பணமே அனுப்பவில்லையே அண்ணா, முழுசும் அல்லவா நிற்கிறது?" என்று கேட்டார். பில் தொகை 1,70,100 ரூபாய். அவர் வாய் திறக்காமல் 24,500 ரூபாயை அனுப்பியிருந்தால், ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பணம் எங்கே போயிற்று என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

அந்த யூனிட்டின் கணக்கை மாதம் இரண்டு முறை போய்ப் பார்ப்பவன் நான். அன்று மாலையே கூப்பிட்டார்கள். காரணம் சிறியது. அங்கே கணக்கெழுதும் பெண் 2025 மே 5-ஆம் தேதி, ஏப்ரல் மாதம் முழுவதற்குமான ஸ்டேட்மென்ட்டை டேலியில் ஏற்றியிருந்தார். பிறகு மே 16-ஆம் தேதி இன்னொரு ஸ்டேட்மென்ட்டை இறக்கி ஏற்றினார். அது ஏப்ரல் 15 முதல் மே 15 வரைக்கானது. பேங்க் இணையதளத்தில் 'கடைசி ஒரு மாதம்' என்று இருந்ததை அமுக்கியதோடு சரி. ஏப்ரல் 15 முதல் 30 வரை உள்ள வரிகள் அத்தனையும் இரண்டாவது முறையாகப் புத்தகத்துக்குள் போய்விட்டன. எக்செல் ஷீட்டை வவுச்சராக மாற்றும் கருவிகளில் பல, ஒவ்வொரு வரியையும் புது வவுச்சராகவே எழுதும். இந்த வரி முன்பே வந்ததுதானே என்று அவை கேட்பதில்லை.

ஒரே கோப்பை அப்படியே இருமுறை ஏற்றுவதைவிட, இப்படிப் பாதி மேலேறிய கோப்புதான் அதிகத் தொல்லை தரும். முழுக் கோப்பு இருமுறை ஏறினால் எல்லாமே இரட்டையாகக் கண்ணில் படும். பாதி ஏறியது பதுங்கிக்கொள்ளும். அது எங்கெங்கே தலை காட்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பிடித்துவிடலாம்.

அறிகுறி: புத்தக இருப்பும் பேங்க் இருப்பும் ஒத்துவரவில்லை

எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். அந்த யூனிட்டில் ஏப்ரல் 30 முடிவில் பேங்க் காட்டிய இருப்பு 3,18,460. டேலியில் பேங்க் லெட்ஜர் காட்டியது 5,02,710. வித்தியாசம் 1,84,250.

இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, 1,84,250 ரூபாய்க்கு ஏதாவது வவுச்சர் இருக்கிறதா என்று தேடாதீர்கள். இருக்காது. இருமுறை ஏறிய ஸ்டேட்மென்ட்டில் வரவும் இரட்டிப்பாகும், பற்றும் இரட்டிப்பாகும். வித்தியாசம் என்பது இரண்டுக்கும் இடையிலான நிகரம் மட்டுமே. எனவே பார்க்க வேண்டியது வித்தியாசத்தின் அளவை அல்ல, அது தேதிக்குத் தேதி எப்படி நகர்கிறது என்பதை.

ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் நடப்பு இருப்பு இருக்கும். அதையும் டேலியின் பேங்க் லெட்ஜரையும் எடுத்துக்கொண்டு நடுவில் ஒரு தேதியைப் பாருங்கள். அங்கே ஒத்துப்போனால் அதற்குப் பிந்தைய பாதியில் தேடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முந்தைய பாதியில் தேடுங்கள். ஐந்தாறு தேதிகளில் இடம் அகப்பட்டுவிடும். நான் பார்த்தபோது ஏப்ரல் 7-ஆம் தேதி சரியாக இருந்தது. சித்திரை முதல் நாளான 14-ஆம் தேதியும் 1,34,210 என்று இரண்டு பக்கமும் ஒத்தது. 15-ஆம் தேதி முடிவில் 38,000 ரூபாய் கூடுதல். அன்று பேங்கில் நிகர வரவும் அதே 38,000. அதற்கடுத்த நாள்களில் வித்தியாசம் ஏறியது. 19-ஆம் தேதி சனிக்கிழமை, சம்பளம் பட்டுவாடா ஆன நாள், அது தலைகீழாகி மைனஸில் போனது. மீண்டும் ஏறி, 30-ஆம் தேதி 1,84,250-இல் வந்து நின்றது. மே 1-க்குப் பிறகு அதே 1,84,250 அசையாமல் நின்றது.

இந்த நடைதான் கைரேகை. ஒரு குறிப்பிட்ட தேதியில் தொடங்கி, தினமும் ஏறி இறங்கி, இன்னொரு தேதிக்குப் பிறகு உறைந்துவிட்டால், அந்த இரு தேதிகளுக்கு இடைப்பட்ட பகுதி இருமுறை ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் குதித்துவிட்டு அதன்பிறகு நகரவே இல்லை என்றால் அது வேறு நோய்: ஒரு வவுச்சர் மட்டும் தவறியிருக்கும், அல்லது ஒரு தொகையில் இலக்கம் மாறியிருக்கும்.

உறுதி செய்ய ஒரே ஒரு கூட்டல் போதும். ஸ்டேட்மென்ட்டில் ஏப்ரல் 15 முதல் 30 வரை வரவு 9,46,000, பற்று 7,61,750. கழித்தால் 1,84,250. வித்தியாசத்தோடு ஒரு பைசா பிசகாமல் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால், இரட்டிப்போடு வேறொரு தவறும் கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது எதையும் நீக்கத் தொடங்காதீர்கள்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. மேலேறிய பகுதியில் வரவும் பற்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மாத முடிவு இருப்பு ஒத்துப்போவது போலவே தெரியும். வந்த பணமெல்லாம் சம்பளத்துக்கும் நூலுக்கும் அப்படியே போய்விடும் யூனிட்டுகளில் இது நடக்கக்கூடியதுதான். மாதக் கடைசி இருப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

அறிகுறி: ரெகன்சிலியேஷன் சரியாக இருக்கிறது, ஆனால் நிலுவைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் இது பொய் சொல்லிக்கொண்டே மாட்டிக்கொள்ளும். பேங்க் தேதி போட்ட வவுச்சர்களை டேலி பேங்கில் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். முதல் பிரதிக்கு பேங்க் தேதி போட்டாயிற்று. இரண்டாவது பிரதிக்கு ஒத்துப்போகும் வரி ஸ்டேட்மென்ட்டில் மிச்சமில்லை, அதனால் அது தேதி இல்லாமல் தங்கிவிடும். ரெகன்சிலியேஷன் திரையின் அடியில் `Amounts not reflected in Bank` என்ற வரியில் அந்தத் தொகை உட்கார்ந்துகொள்ளும். `Balance as per Bank` என்பதோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கச்சிதமாகப் பொருந்தும். பார்க்கிறவர், கொடுத்த செக் எதுவோ இன்னும் பாஸாகவில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுவார்.

அந்தப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றும் எந்த வகைப் பணம் என்று பாருங்கள். செக் என்றால் ஒரு வாரம், பத்து நாள் வழியில் நிற்கலாம். கொடுத்தவர் சொல்லி வைத்து வங்கியில் போடாமலும் இருக்கலாம். யு.பி.ஐ. பணம் அப்படி நிற்காது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் பணமும் நிற்காது, அன்றே போய்ச் சேரும், சேராவிட்டால் திரும்பி வரும். பேங்கே வசூலித்த கட்டணம் 'பேங்கில் இன்னும் பிரதிபலிக்கவில்லை' என்று பட்டியலில் கிடந்தால் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். அந்தக் கட்டணத்தைப் பற்றி பேங்கிலிருந்துதான் நமக்கே தெரிய வந்தது.

அறிகுறி: பார்ட்டி கணக்கு தலைகீழாக நிற்கிறது, அல்லது தவறான பில் அடைபட்டிருக்கிறது

நமக்குப் பணம் தர வேண்டிய பார்ட்டிக்கு நாமே தர வேண்டியது போல வரவு இருப்பு காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். அது சுலபமான வகை. 38-ஆம் பில்லில் நடந்தது சுலபமில்லாத வகை. அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

31-ஆம் பில் தையல் கூலி 1,40,000. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 7,000 சேர்த்து 1,47,000. யூனிட் தனிநபர் நிறுவனம் என்பதால் பார்ட்டி கூலியில் ஒரு சதவீதம், அதாவது 1,400 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு, ஏப்ரல் 22 அன்று 1,45,600 அனுப்பியது. மே 5-ஆம் தேதி ஏறிய பிரதியை அந்தப் பெண் 31-ஆம் பில்லுக்கு எதிராகச் சரியாகவே வைத்திருந்தார். டி.டி.எஸ். 1,400-க்கு ஜர்னலும் போட்டார். பில் தீர்ந்தது.

மே 16-ஆம் தேதி அதே 1,45,600 மறுபடியும் வந்து சஸ்பென்ஸில் விழுந்தது. சஸ்பென்ஸில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். எனவே அவர் அதைத் திறந்து, பார்ட்டி பெயரைப் போட்டு, `Agst Ref` கொடுத்தார். டேலி அங்கே நிலுவையில் உள்ள பில்களை மட்டுமே காட்டும். 31-ஆம் பில் தீர்ந்துவிட்டதால் பட்டியலில் இல்லை. 38 மட்டும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தார். 1,70,100-இல் 1,45,600 போக 24,500 மீதி. சிரத்தையாக வேலை செய்ததால் வந்த வினை இது. சோம்பேறியாக இருந்திருந்தால் பணம் சஸ்பென்ஸிலேயே கிடந்து, நான் வந்த அன்று கண்ணில் பட்டிருக்கும்.

"அண்ணா, தொகை பில்லோடு ஒத்துவரவில்லை என்று அப்போதே தோன்றியது. டி.டி.எஸ். ஏதாவது அதிகம் பிடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்" என்றார்.

"1,70,100 பில்லுக்கு டி.டி.எஸ். எவ்வளவு வரும் அம்மிணி?"

கால்குலேட்டரை எடுக்காமலே சொன்னார்: கூலி 1,62,000, ஒரு சதவீதம் 1,620. அதாவது சரியான பணம் வந்தால் 1,68,480 வர வேண்டும். வேறெந்தத் தொகை வந்தாலும் நின்று யோசிக்க வேண்டும். ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு இது ஒரு நல்ல சோதனை. பில்லுக்கும் வரவுக்கும் இடையிலான வித்தியாசம் டி.டி.எஸ். கணக்கோடு பொருந்தாத ரசீதுகளைத் தனியே எடுத்துப் பாருங்கள், இரட்டைப் பிரதிகளில் பாதி அங்கே இருக்கும்.

இந்த வகையின் விளைவு பார்ட்டியோடு முடிவதில்லை. வர வேண்டிய பணம் புத்தகத்தில் குறைந்து தெரிகிறது. கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர்கள் மாதாமாதம் பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் அந்தக் குறைந்த தொகைதான் போகும். எடுக்கக்கூடிய வரம்பும் அதற்கேற்பச் சுருங்கும். இன்னொன்று: கூலிக்குத் தைப்பது சேவை. பொருள் விற்பவருக்கு முன்பணத்தின் மீது ஜி.எஸ்.டி. இல்லை, சேவை தருபவருக்கு உண்டு. இரண்டாவது பிரதியை யாராவது பில்லோடு சேர்க்காமல் `Advance` என்று போட்டுவைத்தால், வராத முன்பணத்துக்கு வரி கட்ட வேண்டிய நிலை காகிதத்தில் உருவாகிவிடும்.

அறிகுறி: எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனால் சஸ்பென்ஸில் ஒரு வினோதத் தொகை

வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமல் யாரோ பேங்குக்கும் சஸ்பென்ஸுக்கும் ஒரு ஜர்னல் போட்டு மூடியிருக்கிறார்கள். விவரக் குறிப்பில் பெரும்பாலும் 'வித்தியாசம் சரிசெய்யப்பட்டது' என்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. இதைக் கவனிக்காமல் இரட்டைப் பிரதிகளை மட்டும் நீக்கினால், அதே தொகை எதிர்ப்பக்கத்தில் முளைக்கும். முதலில் அந்த ஜர்னலை எடுங்கள், வித்தியாசம் வெளியே வரட்டும், பிறகு மற்ற வேலை.

இரட்டைபோலத் தெரிந்தும் வேறானது

ஒரே நிறுவனத்துக்கு நடப்புக் கணக்கும் கேஷ் கிரெடிட்டும் இருந்து, இரண்டின் ஸ்டேட்மென்ட்டும் ஏற்றப்பட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணம் இரண்டு முறை கான்ட்ராவாக ஏறும். ஒரு ஸ்டேட்மென்ட்டின் பற்று வரியும் மற்றதன் வரவு வரியும் ஒரே பணப் பரிமாற்றத்தின் இரண்டு முகங்கள். அடையாளம் எளிது: ஒரு பேங்க் லெட்ஜரில் எவ்வளவு குறைகிறதோ அதே தொகை மற்றதில் கூடும். இதற்கு கான்ட்ராக்களை மட்டும் பார்த்து ஒவ்வொன்றில் ஒன்றை எடுத்தால் போதும். கீழே சொல்லும் வைத்தியம் தேவையில்லை.

நீக்குவதற்கு முன்

வேறு யாரும் பதிவு போடாமல் நிறுத்துங்கள். `Alt+Y` அழுத்தி `Backup` எடுங்கள். அந்த பேக்கப்பை வேறொரு ஃபோல்டரில் `Restore` செய்து, அது திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததும் ஒன்று. முடிந்தால் முதலில் அந்த நகலிலேயே முழுவதையும் செய்து பார்த்துவிட்டு அசலுக்கு வாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். இரட்டிப்பு வேலைதான், ஆனால் இரவில் தூக்கம் வருகிறது.

அடுத்து வவுச்சர் எண். ரசீது, பேமென்ட் வவுச்சர்களுக்குத் தானாக எண் விழும்படி வைத்திருந்தால், நடுவில் ஒன்றை நீக்கும்போது பின்னால் உள்ளவற்றின் எண்கள் மாறக்கூடும். அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்த வவுச்சர்கள் அப்போது அநாதையாகிவிடும். வவுச்சர் டைப்பை ஆல்ட்டர் செய்யும் திரையில், எண்ணிடும் நடத்தையைக் கேட்கும் இடத்தில் `Retain Original Voucher No.` என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எது உபரி என்று எண்ணுவது

இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். டேலியிலிருந்து பேங்க் லெட்ஜரை எக்செல்லுக்கு எடுத்து, தேதி, பெயர், தொகை மூன்றையும் குறித்து, எக்செல்லின் `Remove Duplicates` பொத்தானை அமுக்கிவிடுவது. அந்த யூனிட்டில் ஏப்ரல் 19 அன்று ஒரே கட்டிங் காண்ட்ராக்டருக்கு 12,000 ரூபாய் இரண்டு முறை யு.பி.ஐ.யில் போயிருந்தது. ஒன்று வாரக் கூலி, மற்றது அவர் வீட்டு விசேஷத்துக்கு வாங்கிய முன்பணம். ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரி, புத்தகத்தில் நான்கு வவுச்சர். பொத்தான் நான்கையும் ஒன்றாக்கிவிடும். ஸ்டேட்மென்ட்டில் 41 வரிகள் இருக்க, நமக்கு 40 மிஞ்சும். இருப்பு 3,18,460-க்குப் பதில் 3,30,460 காட்டும். காண்ட்ராக்டரின் முன்பணமும் கணக்கிலிருந்து மறைந்துபோகும், அவர் அதை நினைவூட்டப் போவதில்லை.

ஆகவே புத்தகத்துக்குள் ஒன்றுபோல் இருப்பவற்றைத் தேடாதீர்கள். ஸ்டேட்மென்ட்டில் எத்தனை இருக்கிறது, புத்தகத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். உபரிதான் நீங்க வேண்டும்.

ஒரே எக்செல் கோப்பில் இரண்டு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு `Bank` என்றும் மற்றதற்கு `Books` என்றும் பெயர். இரண்டிலும் மூன்றே பத்தி: A-யில் தேதி, B-யில் குறிப்பு எண், C-யில் தொகை. வரவு, பற்று என்று இரண்டு பத்தி வைக்காமல் ஒரே பத்தியில் வரவைக் கூட்டல் எண்ணாகவும் பற்றைக் கழித்தல் எண்ணாகவும் எழுதுங்கள். காலியாக இருக்கும் செல்லை `COUNTIFS` சூத்திரம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், எண்ணிக்கை கெட்டுவிடும். இதே காரணத்துக்காக, குறிப்பு எண் இல்லாத பேங்க் கட்டண வரிகளில் B-யில் `NA` என்று நிரப்பிவிடுங்கள். பக்கம் மாறுவதையும் மறக்க வேண்டாம்: பேங்க் தன் ஸ்டேட்மென்ட்டில் வரவு என்பது, நம் பேங்க் லெட்ஜரில் பற்றுப் பக்கம் நிற்கும்.

குறிப்பு எண் என்பது விவரக் குறிப்பில் வரும் நீண்ட எண். யு.பி.ஐ.க்கு 12 இலக்கம், நெஃப்ட்டுக்கு 16 எழுத்து, ஆர்.டி.ஜி.எஸ்.க்கு 22. காண்ட்ராக்டருக்குப் போன இரண்டு 12,000-ஐயும் பிரித்துக் காட்டுவது இதுதான். `Bank` ஷீட்டில் D2 செல்லில் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(Books!A:A,A2,Books!B:B,B2,Books!C:C,C2)
 -COUNTIFS(Bank!A:A,A2,Bank!B:B,B2,Bank!C:C,C2)
```

பூஜ்யம் வந்தால் அந்த வரி சரி. 1 வந்தால் அதற்குப் புத்தகத்தில் ஒரு உபரி இருக்கிறது. மைனஸ் 1 வந்தால் அது புத்தகத்தில் ஏறவே இல்லை. ஏப்ரல் 15 முதல் 30 வரை 41 வரிகளுக்கும் 1 வந்தது, மற்றவை எல்லாம் பூஜ்யம். புத்தகத்தில் 82 வவுச்சர். எண்ணிக்கையும் தொகையும் இரண்டும் சாட்சி சொன்ன பிறகே நான் நீக்கும் வேலைக்குப் போனேன்.

எல்லா வரிக்கும் மைனஸ் வந்தால் பதறாதீர்கள். ஒரு ஷீட்டில் தேதி உண்மையான தேதியாகவும் மற்றதில் வெறும் எழுத்தாகவும் இருக்கும், அல்லது குறிப்பு எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். பி.டி.எஃப்.பிலிருந்து மாற்றிய ஸ்டேட்மென்ட்டில் இது சகஜம். `TRIM` போட்டால் பின்னது பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டில் எதை எடுப்பது

'பிந்தி வந்ததை நீக்கு' என்பது நல்ல விதிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு விஷயம் பாருங்கள்: எதற்கு பேங்க் தேதி போடப்பட்டிருக்கிறது, எது சரியான பில்லோடு சேர்ந்திருக்கிறது. இரண்டும் முதல் பிரதியிலேயே இருந்தால் இரண்டாவதை எடுத்துவிடலாம். 41-இல் 39 அப்படித்தான் இருந்தன. 22-ஆம் தேதி ரசீதும் அதில் சேர்த்தி, ஏனென்றால் சரியான 31-ஆம் பில் முதல் பிரதியில்தான் இருந்தது.

மீதி இரண்டு வேறுமாதிரி. மே 5 அன்று அந்தப் பெண் அவசரத்தில் அவற்றை `On Account` என்று விட்டிருந்தார். மே 16-க்குப் பிறகு இரண்டாவது பிரதியில் சரியான பில்லைக் கொடுத்திருந்தார். இங்கே இரண்டாவதை நேரே நீக்கினால் பில் மீண்டும் நிலுவைக்கு வந்துவிடும், பணம் தனியே மிதக்கும். முதலில் இரண்டாவது பிரதியில் எந்தப் பில் என்று குறித்துக்கொண்டு அதை நீக்கினோம். பில் நிலுவைக்குத் திரும்பியதும் முதல் பிரதியைத் திறந்து அந்தப் பில்லோடு சேர்த்தோம். பேங்க் தேதி முதல் பிரதியில் இருந்ததால் அது கலையவில்லை.

நீக்குவதை டே புக்கில் செய்வது வசதி. `Alt+F2` கொடுத்துத் தேதி எல்லையை ஏப்ரல் 15 முதல் 30 வரை வையுங்கள். `F4`-இல் ரசீதுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள், முடிந்ததும் பேமென்ட்டுகள். வேண்டியவற்றை ஸ்பேஸ்பாரால் குறித்து `Alt+D`. மொத்தமாகக் குறிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக எடுங்கள். எடுக்கும் முன்பே, இந்தப் பத்தும் போனால் பேங்க் இருப்பு எவ்வளவு ஆக வேண்டும் என்று காகிதத்தில் எழுதுங்கள். எடுத்த பிறகு அந்த எண் வராவிட்டால் தவறு அந்தப் பத்துக்குள்தான் இருக்கிறது, தேடும் இடம் சிறிது. அச்சிட்ட பட்டியலில் அந்தப் பெண் பென்சிலால் டிக் போட, நான் நீக்கினேன். தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

`Alt+X` கொடுத்து ரத்து செய்வதும் ஒரு வழி. தொகை போய்விடும், வவுச்சர் எண் மட்டும் வெற்றாகத் தங்கும். அச்சிட்ட எண் வரிசையில் இடைவெளி வரக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். எனக்கோ 41 வெற்று வவுச்சர்களைப் புத்தகத்தில் விட்டுவைக்க மனம் வரவில்லை.

நிறுவனம் தனிநபருடையதாக இல்லாமல் கம்பெனியாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் மாற்றங்களின் தடத்தைப் பதிவு செய்யும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும், அந்தத் தடத்தை நிறுத்தவும் முடியாது. அங்கே 41 வவுச்சர் ஒரே மாலையில் நீக்கப்பட்டது ஆடிட்டர் கண்ணில் படத்தான் செய்யும். படட்டும், அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு ஸ்டேட்மென்ட் கோப்புகளையும், எண்ணிய எக்செல் ஷீட்டையும், காரணத்தை எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டால் கேள்விக்குப் பதில் தயார்.

ஆண்டு முடிந்து வருமான வரி ரிட்டர்ன் போன புத்தகமாக இருந்தால் மட்டும் நீக்குவதே கூடாது. நீக்கினால் தாக்கல் செய்த இருப்புநிலைக் குறிப்பும் டேலியும் வேறு வேறாகிவிடும். அந்த ஆண்டைத் தொடாமல், நடப்பு ஆண்டுத் தேதியில் எதிர்ப் பதிவு போட வேண்டும். இரட்டிப்பில் சம்பளமும் பேங்க் கட்டணமும் இருந்தால் போன ஆண்டு லாபம் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை எப்படிச் சரிசெய்வது என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அந்த நிலையில் தானாக எதுவும் செய்யாதீர்கள்.

முடிந்ததா என்று பார்ப்பது

அந்த மாலை நான்கு இடங்களைப் பார்த்தோம். ஏப்ரல் 30 இருப்பு 3,18,460. ஏப்ரல் 15 முதல் 30 வரை பேங்க் லெட்ஜரில் 41 பதிவுகள். ரெகன்சிலியேஷனில் நிலுவையாக இருந்தவற்றில் மிஞ்சியது மே 16-க்குப் பிறகு கொடுத்த ஒரே ஒரு செக், அது உண்மையாகவே பாஸாகாதது. 38-ஆம் பில் முழுமையாக 1,70,100. முதலாளி அதைத் திரையில் பார்த்துவிட்டு, பார்ட்டிக்கு மறுபடி போன் செய்யக் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

இனிமேல் என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டார். அவருக்கு நான் சொன்னது ஒரே சோதனைதான். புதுக் கோப்பை ஏற்றும் முன், அதன் முதல் வரிக்கு முந்தைய இருப்பு என்ன என்று பாருங்கள். டேலியில் கடைசியாக ஏறிய வரியின் இருப்பு அதுவாக இருந்தால் ஏற்றலாம். மே 16 கோப்பு 1,34,210-இல் தொடங்கியது, டேலி அப்போது 3,18,460-இல் நின்றது. பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். கூடவே, ஸ்டேட்மென்ட் இறக்கும்போது இன்றைய தேதி வரை கேட்காமல் நேற்று வரை மட்டும் கேட்க வேண்டும். மதியம் இறக்கிய கோப்பில் அந்த நாளின் பாதிதான் இருக்கும், மறுமுறை அதே தேதியிலிருந்து தொடங்கினால் காலை வரிகள் இருமுறை ஏறும்.

ஜூன் முதல் வாரம் 38-ஆம் பில்லுக்குப் பணம் வந்தது, 1,68,480. அந்தப் பெண் அதை ஏற்றும் முன் எனக்கு போன் செய்து, கோப்பின் தொடக்க இருப்பைப் படித்துக் காட்டினார்.